நல்ல கெபாசிட்டர் போட்டதும் ஏன் ஆடுகிறது?

12 வோல்ட்டை 3.3 வோல்ட்டாக இறக்கித் தரும் ஒரு ஸ்விட்சிங் ரெகுலேட்டரை எடுத்துக்கொள்வோம். அதன் வெளியீட்டில் 1000 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் ஒன்று இருக்கிறது. போர்டு ஒழுங்காக ஓடுகிறது. உயரம் குறையட்டும் என்று அந்தக் கெபாசிட்டரைக் கழற்றிவிட்டு, தட்டையான செராமிக் கெபாசிட்டர்களைப் பொருத்துகிறார்கள். செராமிக்கின் உள் எதிர்ப்பு மிகக் குறைவு. அதனால் வெளியீட்டில் சுமார் 50 மில்லிவோல்ட்டாக இருந்த ரிப்பிள் நான்கைந்து மில்லிவோல்ட்டாக இறங்க வேண்டும். ஆனால் மின்சாரம் கொடுத்ததும் வெளியீடு நிலைகொள்ளாமல் மேலும் கீழும் ஆடுகிறது. தரத்தில் மேலான பாகம் போட்டும் சுற்று கெட்டுப்போகிறது. காரணம், கழற்றி எறிந்த அந்தக் குறையுள்ள கெபாசிட்டரே சுற்றை நிலையாக வைத்திருந்தது என்பதுதான்.

இந்த ரெகுலேட்டர் வேலை செய்யும் முறையை முதலில் பார்ப்போம். ஒரு ஸ்விட்ச் வினாடிக்கு 3 லட்சம் முறை 12 வோல்ட்டைத் தட்டித் தட்டி விடுகிறது. அந்தத் துண்டுகளை ஒரு காயிலும் ஒரு கெபாசிட்டரும் சேர்ந்து சமப்படுத்துகின்றன. எரர் ஆம்ப்ளிஃபயர் வெளியீட்டைக் குறிப்பு வோல்ட்டேஜுடன் ஒப்பிட்டு, வித்தியாசத்தைப் பெருக்குகிறது. பெருக்கியது ஒரு ரம்ப அலையுடன் மோதும் இடத்தில் ஸ்விட்ச் அணைகிறது. வெளியீடு இறங்கினால் ஸ்விட்ச் சற்றுக் கூடுதல் நேரம் ஆனில் இருக்கும். ஏறினால் குறைவான நேரம். வோல்ட்டேஜ் மோட் வகையில் கவனிக்கப்படுவது வெளியீட்டு வோல்ட்டேஜ் மட்டுமே. காயிலில் ஓடும் மின்னோட்டம் யார் கண்ணிலும் படுவதில்லை.

சிக்கல் அந்தக் காயிலிலும் கெபாசிட்டரிலும்தான். இரண்டும் ஆற்றலைச் சேமிப்பவை. ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்கு அது போய்வரும். நம் சுற்றில் காயில் 4.7 மைக்ரோஹென்றி. 1000 மைக்ரோஃபாரடுடன் அது சேரும்போது இயல்பான ஊசலாட்டம் 2.3 கிலோஹெர்ட்ஸில் அமைகிறது. இதுதான் இரட்டை போல். அதற்குக் கீழே, நாம் சொல்வதை வெளியீடு உடனுக்குடன் கேட்கும். அதற்கு மேலே, அதிர்வெண் இரட்டிக்கும்போதெல்லாம் விளைவு நான்கில் ஒன்றாகும். கூடவே 180 பாகை, அதாவது அரைச் சுற்று, பின்தங்கியும் வரும். ஊஞ்சல் உங்களை நோக்கி வரும்போது தடுத்தால் நிற்கும். அரைச் சுற்றுத் தாமதித்து அதே விசையைக் கொடுத்தால், அது விலகிப் போகும் திசையிலேயே தள்ளியதாகிவிடும். ரெகுலேட்டரின் திருத்தமும் அப்படித்தான். சுழற்சியின் மொத்தப் பெருக்கம் ஒன்றாகும் அதிர்வெண்ணில் பின்தங்கல் 180 பாகையைத் தொட்டால், திருத்தமே ஆட்டத்துக்குத் தீனி போடும். 180-க்கு எத்தனை பாகை மிச்சமிருக்கிறது என்பதைத்தான் ஃபேஸ் மார்ஜின் என்கிறார்கள். 45-க்கு மேல் இருந்தால் நிம்மதி.

டைப் இரண்டு ஈடுகட்டல் என்பது எரர் ஆம்ப்ளிஃபயரைச் சுற்றி வைக்கும் நான்கு சிறு பாகங்கள். வெளியீட்டிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு வரும் ரெசிஸ்டர் R1. ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டிலிருந்து திரும்பி வரும் பாதையில் R2, C1 இரண்டும் தொடராக. அவற்றுக்குக் குறுக்கே சின்னதாக C2. மெதுவான மாற்றங்களுக்கு C1 மிகப் பெரிய பெருக்கத்தைத் தருகிறது, 3.3 வோல்ட் துல்லியமாக நிற்பது அதனால்தான். அதற்கு விலை 90 பாகைப் பின்தங்கல். அதிர்வெண் ஏறும்போது R2 குறுக்கிட்டு அந்த 90-ஐ ஏறக்குறைய முழுவதும் திருப்பித் தருகிறது. C2 ஸ்விட்சிங் சத்தத்தை அமுக்குகிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: டைப் இரண்டு தான் வாங்கிய கடனை மட்டுமே அடைக்கும். ஃபில்டர் வைத்த 180 பாகைக் கடனில் ஒரு பாகையைக்கூட அதனால் அடைக்க முடியாது.

அதை அடைத்தது எலக்ட்ரோலிட்டிக்கின் உள் எதிர்ப்பு, இ.எஸ்.ஆர். நம் கெபாசிட்டரில் அது 30 மில்லிஓம். 5.3 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இந்தக் கெபாசிட்டர் கெபாசிட்டராக நடந்துகொள்வதில்லை. 30 மில்லிஓம் ரெசிஸ்டராகவே தெரிகிறது. இரண்டு சேமிப்புகளில் ஒன்று ஆட்டத்திலிருந்து விலகிக்கொண்டது போல. 30 கிலோஹெர்ட்ஸ் வரும்போது ஃபில்டரின் பின்தங்கல் 180-லிருந்து சுமார் 100-க்கு இறங்கிவிடுகிறது.

கணக்கு போட்டுப் பார்த்துவிடலாம். ஸ்விட்சிங் அதிர்வெண்ணில் பத்தில் ஒரு பங்கான 30 கிலோஹெர்ட்ஸில் மொத்தப் பெருக்கம் ஒன்றாக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ரம்ப அலையின் உயரம் 1.5 வோல்ட், ஆகவே அந்தக் கட்டத்தின் பெருக்கம் 12-ஐ 1.5-ஆல் வகுத்தால் 8. ஃபில்டர் அதைச் சிறுக்கி 30 கிலோஹெர்ட்ஸில் 0.28 ஆக்குகிறது. ஆம்ப்ளிஃபயர் 3.6 மடங்கு பெருக்கினால் ஒன்றாகும். R1 10 கிலோஓம் என்றால் R2 36 கிலோஓம். இரட்டை போலுக்குச் சற்றுக் கீழே, 1.6 கிலோஹெர்ட்ஸில் ஜீரோ விழும்படி C1-க்கு 2.7 நானோஃபாரட், ஸ்விட்சிங்கின் பாதி அதிர்வெண்ணை ஒட்டி போல் விழும்படி C2-க்கு 33 பிக்கோஃபாரட். ஆம்ப்ளிஃபயர் தன் பங்குக்குப் பின்தங்குவது 16 பாகை. மொத்தம் 116. மார்ஜின் 64.

இப்போது செராமிக். வோல்ட்டேஜ் ஏறியதும் செராமிக்கின் கொள்ளளவு சுருங்கும் என்பதால் உண்மையில் கிடைப்பது 200 மைக்ரோஃபாரட், இ.எஸ்.ஆர். 2 மில்லிஓம் என்று கொள்வோம். இரட்டை போல் 5.2 கிலோஹெர்ட்ஸுக்கு நகர்கிறது. பெருக்கம் ஒன்றாகும் இடமோ 28 கிலோஹெர்ட்ஸ்; கிட்டத்தட்ட பழைய இடமே. அதனால் பெருக்கத்தை மட்டும் பார்ப்பவருக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது. ஆனால் இ.எஸ்.ஆர். கைகொடுக்கும் அதிர்வெண் 5.3-லிருந்து சுமார் 400 கிலோஹெர்ட்ஸுக்கு ஓடிவிட்டது. ஃபில்டரின் பின்தங்கல் 170-ஐத் தாண்டி நிற்க, ஆம்ப்ளிஃபயரின் 15-ம் சேர்ந்து 180-ஐக் கடக்கிறது. மார்ஜின் பூஜ்யத்துக்கும் கீழே.

ஸ்கோப்பில் இதைப் பிடிக்க டைம்பேஸைத் திருப்ப வேண்டும். ரிப்பிள் பார்க்கும் பழக்கத்தில் கட்டத்துக்கு 2 மைக்ரோவினாடி என்று வைத்தால், திரை முழுவதும் 20 மைக்ரோவினாடிதான். 28 கிலோஹெர்ட்ஸ் ஆட்டத்தின் ஒரு முழு அலைக்கு 36 வேண்டும். கட்டத்துக்கு 20 அல்லது 50 என்று மாற்றினால், ஸ்விட்சிங் பற்களைச் சுமந்துகொண்டு பெரிய அலை தெரியும். மார்ஜின் பத்து, பதினைந்து பாகை என்று மயிரிழையில் தப்பிய போர்டு இன்னும் ஏமாற்றும்: சுமை மாறாதவரை சுத்தமாகத் தெரியும். சுமையை 1 ஆம்பியரிலிருந்து 4-க்குச் சட்டென்று ஏற்றிப் பாருங்கள். நல்ல சுற்று இறங்கி, திரும்பி, நிற்கும். இது பல முறை அதிர்ந்த பிறகே அடங்கும்.

இ.எஸ்.ஆரை நம்பி வாழ்வதிலும் ஆபத்து உண்டு. எலக்ட்ரோலிட்டிக் வயதானால் இ.எஸ்.ஆர். ஏறும், கடுங்குளிரிலும் ஏறும். அது 90 மில்லிஓம் ஆனால், பெருக்கம் ஒன்றாகும் இடம் 76 கிலோஹெர்ட்ஸ் வரை, ஸ்விட்சிங்கின் கால் பங்குக்கு, எகிறிவிடும். அங்கே ரிப்பிளே ஆம்ப்ளிஃபயருக்குள் புகுந்து ஸ்விட்சைக் குழப்பும்.

செராமிக்தான் வேண்டும் என்றால் டைப் மூன்றுக்குப் போக வேண்டும். டைப் ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவற்றைக் கணக்கிட ஓர் எளிய முறையை டீன் வெனபிள் 1983-இல் வெளியிட்டார். இன்றும் பலர் அதையே பின்பற்றுகிறார்கள். R1-க்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெபாசிட்டரும் தொடராக வைத்தால் இன்னொரு ஜீரோ கிடைக்கும். அது ஃபில்டரின் கடனை அடைக்கும். 350 ஓமும் 3 நானோஃபாரடும் நம் சுற்றுக்குப் பொருந்தும். ஆனால் அவற்றை மட்டும் ஒட்டவைத்து நிறுத்தக் கூடாது. அந்த ஜீரோ பெருக்கத்தையும் ஐந்து மடங்கு தூக்குகிறது. பழைய 36 கிலோஓம் அப்படியே இருந்தால் பெருக்கம் ஒன்றாகும் இடம் 100 கிலோஹெர்ட்ஸுக்குப் போய்விடும். R2-வை 6.8 கிலோஓமாக இறக்கி, அதற்கேற்ப C1-ஐ 6 நானோஃபாரடாகவும் C2-வை 180 பிக்கோஃபாரடாகவும் ஏற்றினால் மீண்டும் 28-லேயே நிற்கும். மார்ஜின் ஐம்பத்தைந்து பாகையை ஒட்டி வரும்.