72,000 ரூபாயை இடம் மாற்ற ஒரு மின்னஞ்சல்

கல்லூரி மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கும் சிறு அறக்கட்டளைகள் பெரும்பாலும் மார்ச் மாதத்திலேயே பட்ஜெட் போட்டுவிடுகின்றன. பிளஸ் டூ தேர்வு முடிவு வருவது மே மாதத்தில். பொறியியல் கலந்தாய்வு முடிந்து, யாருக்கு எந்த ஊரில் இடம் கிடைத்தது, என்ன சலுகை கிடைத்தது என்று தெரிய ஆகஸ்ட், செப்டம்பர் ஆகிவிடும். ஆகவே பிள்ளைகள் யார் என்றே தெரியாத நேரத்தில் போட்ட கணக்கு, அவர்கள் வகுப்பில் உட்கார்ந்த பிறகு ஏதாவது ஓர் இடத்தில் மாறத்தான் செய்யும். அந்த மாற்றத்தை நிதி தந்தவரிடம் எப்படிச் சொல்வது என்பதில்தான் பல அறக்கட்டளைகள் தடுமாறுகின்றன. சில மார்ச் வரை மௌனமாக இருந்துவிட்டுக் கடைசியில் விளக்கம் எழுதுகின்றன. சில கேட்காமலே பணத்தை நகர்த்திவிடுகின்றன. நல்ல காரியத்துக்குச் செலவான பணம்கூட, இந்த இரண்டு வழியிலும் சந்தேகத்துக்கு உள்ளாகிறது.

அரையாண்டு முடிவில் அனுப்பும் ஒரு பக்க மின்னஞ்சல் இதைத் தவிர்த்துவிடும். அதை ஒரு மாதிரிக் கணக்கோடு பார்ப்பது எளிது.

மாவட்டத் தலைநகர் ஒன்றில் இயங்கும் ஓர் அறக்கட்டளை என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து 20 பொறியியல் மாணவர்களுக்காக ஆண்டுக்கு 12,00,000 ரூபாய் கிடைக்கிறது. ஒப்பந்தத்தில் நான்கு செலவுத் தலைப்புகள்: கல்விக் கட்டணம் 8,00,000, விடுதி மற்றும் பேருந்து 2,40,000, புத்தகமும் தேர்வுக் கட்டணமும் 1,00,000, நிர்வாகம் 60,000. முதல் தவணையாக 9,00,000 ரூபாய் வந்துவிட்டது. மீதி 3,00,000 நவம்பரில் வர வேண்டும்.

புதிதாகச் சேர்ந்த 9 பேரும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் படித்தவர்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு இவர்களுக்குக் கிடையாது. அந்த ஒதுக்கீட்டில் சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்கும் திட்டத்திலும் இவர்கள் வர மாட்டார்கள். அதனால் மார்ச் மாதத்தில் ஒவ்வொருவருக்கும் முழுக் கல்விக் கட்டணத்தையே ஒதுக்கியிருந்தார்கள். கலந்தாய்வில் இவர்களில் 6 பேருக்கு முதல் பட்டதாரிச் சலுகை கிடைத்தது. நம் கணக்கில் அதனால் தலைக்கு 20,000 ரூபாய் மிச்சம் என்றால், கல்விக் கட்டணத் தலைப்பில் 1,20,000 ரூபாய் தேங்குகிறது. அதே சமயம், வீட்டிலிருந்து பேருந்தில் போய்வருவார்கள் என்று எண்ணிய 4 பேருக்குத் தொலைவான கல்லூரி கிடைத்து, விடுதியில் சேர வேண்டியதாயிற்று. ஆளுக்கு 18,000 வீதம் 72,000 ரூபாய் அங்கே குறைகிறது. ஒரு தலைப்பில் பணம் சும்மா கிடக்க, இன்னொரு தலைப்பில் பையன் மெஸ் பில் கட்ட முடியாமல் நிற்கிறான்.

எடுத்துக் கட்டிவிட்டுப் பிறகு சொல்லலாமே என்று தோன்றும். ஒப்பந்தத்தைத் திறந்து பார்க்க வேண்டிய இடம் இதுதான். தலைப்புகளுக்கு இடையே 10 சதவீதம் வரை அறக்கட்டளை தானே மாற்றிக்கொள்ளலாம், அதற்கு மேல் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும் என்பது பல நிதி ஒப்பந்தங்களில் காணப்படும் வரி. அந்தப் 10 சதவீதத்தை எதன் மேல் கணக்கிடுவது என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. மொத்த நிதியின் மேல் பார்த்தால் 72,000 என்பது 6 சதவீதம், அனுமதி தேவையில்லை. பணம் போய்ச் சேரும் விடுதித் தலைப்பின் மேல் பார்த்தால் அது 30 சதவீதம். அனுமதி இல்லாமல் தொடக் கூடாது. நம் அறக்கட்டளையின் ஒப்பந்தம் தலைப்பின் மேல்தான் கணக்கிடச் சொல்கிறது. ஒப்பந்த வாசகம் தெளிவாக இல்லாவிட்டாலும் கேட்டுவிடுவதே நல்லது.

நிதி தந்த நிறுவனத்தின் பக்கம் இருந்தும் பார்க்க வேண்டும். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, அதன் வரம்புக்குள் வரும் நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. 2021 ஜனவரியில் திருத்தப்பட்ட விதிகளின்படி, கொடுத்த பணம் குறித்த நோக்கத்துக்கே, குறித்த முறையிலேயே பயன்பட்டது என்று நிறுவனத்தின் தலைமை நிதி அதிகாரி சான்று தர வேண்டும். பல ஆண்டுகள் நடக்கும் தொடர் திட்டத்தில் மார்ச் 31 அன்று செலவாகாமல் நிற்கும் தொகையை, நிறுவனம் அடுத்த 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றியாக வேண்டும். ஆகவே, அறக்கட்டளையின் மின்னஞ்சலைப் படிக்கும் அதிகாரிக்கு அதில் உள்ள ஒவ்வோர் எண்ணும் தன் கையெழுத்தோடு தொடர்புடையது. மிச்சமாகும் பணத்தை அக்டோபரிலேயே சொல்லிவிட்டால் அவருக்கு அது உதவி; மார்ச் கடைசி வாரத்தில் சொன்னால் தலைவலி.

இனி செலவுக் கணக்கு. செப்டம்பர் 30 வரை கல்விக் கட்டணம் 6,80,000, விடுதி மற்றும் பேருந்து 1,38,000, புத்தகமும் தேர்வும் 47,500, நிர்வாகம் 30,000 செலவாகியிருக்கின்றன. மொத்தம் 8,95,500. வந்தது 9,00,000, வங்கியில் இருக்க வேண்டியது 4,500. அனுப்பும் முன் பாஸ்புக்கில் அந்த 4,500 இருக்கிறதா என்று பார்ப்பது மிக எளிய சோதனை. பெரும்பாலான தவறுகள் அங்கேயே அகப்பட்டுவிடும். எண் பொருந்தவில்லை என்றால் காரணம் அநேகமாக இரண்டில் ஒன்று: எழுதிக் கொடுத்த காசோலை இன்னும் வங்கியில் மாறவில்லை, அல்லது இன்னும் கட்டாத, கட்டப்போகும் தொகையையும் செலவு என்று சேர்த்துவிட்டார்கள். கட்டப்போவது செலவு ஆகாது. அதைத் தனி வரியில் காட்ட வேண்டும். கட்டணத்தைக் கல்லூரிக் கணக்குக்கே நேராக அனுப்பி, மாணவர் பெயரில் ரசீது வாங்கி வைத்திருந்தால், பிறகு ஆடிட்டர் பயன்பாட்டுச் சான்றிதழ் தரும்போது ஒரு கேள்வியும் எழாது.

பலன் பகுதியில்தான் அறிக்கைகள் அதிகம் நழுவுகின்றன. “20 மாணவர்களுக்குக் கட்டணம் கட்டினோம்” என்பது வேலை, பலன் அல்ல. அவர்கள் படிப்பைத் தொடர்கிறார்களா, தேர்ச்சி பெற்றார்களா என்பதே பலன். அதைக் கணக்கிடும்போது எத்தனை பேரில் எத்தனை பேர் என்பதை ஒழுங்காகச் சொல்ல வேண்டும். இந்த 20 பேரில் 9 பேர் புதியவர்கள். இன்னும் ஒரு செமஸ்டர் தேர்வுகூட எழுதவில்லை. எனவே அளவுகோல் சென்ற ஆண்டு சேர்ந்த 12 பேர்தான். அவர்களில் 8 பேர் எல்லாத் தாளிலும் தேர்ச்சி, 3 பேருக்கு அரியர், ஒருவர் படிப்பை விட்டுவிட்டார். விட்டுப்போனவரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு “11 பேரும் தொடர்கிறார்கள், 100 சதவீதம்” என்று எழுதும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது பொய்க்கணக்கு. ஏன் விட்டார் என்று ஒரு வரி எழுதினால், அடுத்த ஆண்டு அப்படி ஒருவர் போகாமல் தடுக்க நிதி தருபவரும் சேர்ந்து யோசிப்பார்.

மாணவர்களின் பெயர், சாதிச் சான்றிதழ், ஆதார் நகல், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றை மின்னஞ்சலில் இணைக்கக் கூடாது. வரிசை எண் போதும். மூல ஆவணங்கள் அறக்கட்டளை அலுவலகத்தில் இருக்கட்டும். தணிக்கைக்குக் கேட்டால் அங்கே காட்டலாம்.

இவ்வளவையும் வைத்து எழுதும் மின்னஞ்சல் நீளமாக இருக்க வேண்டியதில்லை. தலைப்பு வரியிலேயே விஷயம் தெரிய வேண்டும்: “ஏப்ரல்–செப்டம்பர் அறிக்கை, ஒரு மாற்றத்துக்கு அக்டோபர் 20-க்குள் அனுமதி தேவை.” உள்ளே இப்படி:

“அன்புடையீர், வணக்கம். முதல் தவணை 9,00,000 ரூபாயில் செப்டம்பர் 30 வரை 8,95,500 செலவாகியுள்ளது. தலைப்புவாரிக் கணக்கு இணைப்பில். சென்ற ஆண்டு சேர்ந்த 12 பேரில் 11 பேர் தொடர்கிறார்கள். 8 பேர் எல்லாத் தாளிலும் தேர்ச்சி, 3 பேருக்கு அரியர். ஒருவர் தந்தையின் உடல்நலக் குறைவால் வேலைக்குச் சென்றுவிட்டார்.

ஒரு மாற்றம் வேண்டுகிறோம். கல்விக் கட்டணத்திலிருந்து 72,000 ரூபாயை விடுதித் தலைப்புக்கு மாற்ற அனுமதி தாருங்கள். 6 பேருக்கு முதல் பட்டதாரிச் சலுகை கிடைத்ததால் அங்கே 1,20,000 மிச்சம். 4 பேர் விடுதியில் சேர்ந்ததால் இங்கே 72,000 பற்றாக்குறை. மொத்த நிதி 12,00,000 மாறாது. மாற்றிய பிறகும் கல்விக் கட்டணத்தில் 48,000 மீதி இருக்கும். அதை உங்களிடம் கேட்காமல் தொட மாட்டோம். நவம்பர் தேர்வுக்கு முன் விடுதிப் பாக்கி கட்ட வேண்டியிருப்பதால் அக்டோபர் 20-க்குள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்.”

அந்தக் கடைசி வரியில் தேதியோடு காரணமும் இருப்பதைக் கவனிக்கலாம். பல விடுதிகளில் மெஸ் செலவை மாதாமாதம் மாணவர்களிடையே பிரித்துப் போடும் டிவைடிங் முறைதான் நடக்கிறது. பில் வந்த பிறகே தொகை தெரியும், பாக்கி சேர்ந்துவிடும். பாக்கி இருந்தால் சில கல்லூரிகளில் ஹால் டிக்கெட் கைக்கு வரத் தாமதமாகும். இதை ஒரு வரியில் சொன்னால், அனுமதி தாமதமானால் யாருக்கு என்ன ஆகும் என்பது படிப்பவருக்குப் புரிந்துவிடும். “விரைவில் பதில் தரவும்” என்ற வரிக்கு அந்த வலு கிடையாது.

இன்னொன்று. இதே மின்னஞ்சலில் அடுத்த ஆண்டுக்குக் கூடுதலாக 5 இடம், லேப்டாப்புக்குத் தனி நிதி என்று கோரிக்கைகளை அடுக்கக் கூடாது. அனுமதி கேட்பது அதிகாரி அளவிலேயே முடியும் காரியம். புதிய நிதி கேட்டால் கோப்பு மேலிடம் வரை போகும். இரண்டையும் சேர்த்துக் கட்டினால் மெஸ் பில்லும் சேர்ந்து காத்திருக்கும்.

அனுமதி தொலைபேசியில் வந்தால், “நீங்கள் இன்று சொன்னபடி மாற்றுகிறோம்” என்று உடனே ஒரு மின்னஞ்சல் அனுப்பி, அதற்கு ஒப்புதல் பதில் வாங்கிய பிறகே பணத்தை நகர்த்த வேண்டும். ஆண்டறிக்கையில் விடுதித் தலைப்புக்கு எதிரே முதலில் ஒதுக்கிய 2,40,000, திருத்திய 3,12,000, உண்மையில் செலவான தொகை என மூன்று எண்களும் அருகருகே இருக்கட்டும். அனுமதி வந்த தேதியையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள். பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதியதை மட்டும் காட்டும் அட்டவணையை எந்த ஆடிட்டரும் ஏற்க மாட்டார்.