ஒரு சிறு கடிதமும் ஒரு புள்ளியும்

டில்லி நகரத்துக் காரியாலயம் ஒன்றிலே சில ஆண்டுகள் தொழில் பார்க்க நேர்ந்தபோது எனக்கு ஏற்பட்ட ஒரு சிறு சங்கடத்தை வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். 2018ஆம் ஆண்டின் குளிர்காலம் அது. எங்கள் கணக்குப் பகுதியிலே மூத்த உத்தியோகத்தராயிருந்த அம்மையார் ஒருவருக்குப் பித்தப்பையிற் கல் கண்டு சத்திரசிகிச்சை நடந்தது. அவர் லக்னோ நகரத்தவர். என்னிலும் பத்து வயது மூத்தவர். புதிதாய் வந்த எனக்குச் சம்பளப் பட்டியலையும் வரிப் பத்திரங்களையும் பொறுமையுடன் விளங்கவைத்தவர். அவருக்கு நலம் விசாரித்து நாலு வரி அனுப்பவேண்டும் என்று என் மனம் சொல்லிற்று.

ஆங்கிலத்திலே எழுதியிருந்தால் இரண்டு நிமிட வேலை. ஆனால் அம்மையார் என்னோடு எப்பொழுதும் ஹிந்தியிலேயே பேசுவார். என் ஹிந்தியைத் திருத்தியும் வைப்பார். ஆகவே ஹிந்தியில் எழுதுவதே மரியாதை என்று எண்ணினேன். இன்னொரு யோசனையும் உள்ளே இருந்தது. படுக்கையிற் கிடக்கும் ஒருவருக்கு வரும் செய்தியை அவர் மட்டும் படிப்பதில்லை. மகனோ மருமகளோ கைத்தொலைபேசியை எடுத்து உரக்கப் படித்துக் காட்டுவார்கள். வேற்றூர் ஆடவன் ஒருவன் எழுதிய வரிகள் அந்த வீட்டிலே எப்படி ஒலிக்கும்? அன்பு தெரியவேண்டும்; அளவு மீறவும் கூடாது.

எழுதியதை அனுப்புமுன் என் வீட்டுச் சொந்தக்காரரிடம் காட்டினேன். அவர் இளைப்பாறிய ஹிந்தி ஆசிரியர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தவர், இரண்டாம் வரியிலே நின்றுவிட்டார். "அந்த அம்மையார் கணக்கரா, சத்திரசிகிச்சை வைத்தியரா?" என்று கேட்டார். நான் விழித்தேன். "ஆப்னே ஆபரேஷன் கியா" என்று எழுதியிருந்தேன். தமிழிலே "சத்திரசிகிச்சை செய்துகொண்டீர்கள்" என்கிறோம் அல்லவா? அந்தக் "கொண்டீர்கள்" என்பதிலேதான் பொருள் முழுவதும் இருக்கிறது. அதை விட்டுவிட்டுச் "செய்தீர்கள்" என்பதை மட்டும் ஹிந்திக்குக் கொண்டுபோனால், அவரே கத்தியை எடுத்து வேறொருவரை அறுத்ததாக ஆகிவிடும். "ஆப்கா ஆபரேஷன் ஹுஆ", அதாவது "உங்கள் சத்திரசிகிச்சை நடந்தது" என்பதே அவர்கள் வழக்கு.

அடுத்து நான் பெருமையோடு எழுதியிருந்த வரிக்கு வந்தார். "முஜே ஆப்கீ பஹுத் யாத் ஆதீ ஹை" என்பது அது. "உங்கள் நினைவு அடிக்கடி வருகிறது" என்ற எளிய கருத்திலேதான் எழுதினேன். ஆசிரியர் தலையை அசைத்தார். தாய் மகனுக்கு எழுதலாம், கணவன் மனைவிக்கு எழுதலாம், சினிமாப் பாட்டிலும் பாடலாம். காரியாலயத்துப் பெண் ஒருவருக்கு ஓர் ஆடவன் எழுதலாகாது என்றார். அதற்கு ஈடாக, காரியாலயத்தில் எல்லோரும் உங்கள் குறையை உணர்கிறோம் என்ற பொருளில், "தஃப்தர் மேங் ஸப்கோ ஆப்கீ கமீ மஹஸூஸ் ஹோ ரஹீ ஹை" என்று ஒரு வாக்கியம் தந்தார். "எனக்கு" என்பது "எல்லோருக்கும்" என்று மாறியவுடன் அந்தரங்கம் அகன்று நட்பு மாத்திரம் நிற்கிறது. நல்ல வாக்கியந்தான். எனினும் நான் அதைச் சேர்க்கவில்லை. அவர் விடுமுறையிற் போய் நான்கு நாட்களே ஆகியிருந்தன. அதற்குள் "குறை" பேசினால், விரைவில் எழுந்து வேலைக்கு வா என்று அவசரப்படுத்துவதுபோல அவர் எடுத்துக்கொள்ளக்கூடும். அதே காரணத்தால் "ஜல்தீ வாபஸ் ஆயியே", சீக்கிரம் திரும்பி வாருங்கள், என்பதையும் வெட்டினேன்.

மனம் சோர்ந்து, இரண்டாம் முறை மிக உயர்ந்த நடையிலே எழுதிப் பார்த்தேன். ஆபரேஷன் "ஷல்ய சிகித்ஸா" ஆயிற்று. "ஷீக்ர ஸ்வாஸ்த்ய லாப் கீ காமனா" என்று முடித்தேன். ஆசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். மந்திரிகள் ஒருவருக்கொருவர் விடுக்கும் அறிக்கையின் பாஷை இதுவாம். தினம் ஒரு மேசையிலே தேநீர் குடித்தவர் இப்படி எழுதினால், இவருக்கு என்மீது ஏதோ கோபம் என்றே நினைப்பார்கள் என்றார். உடல்நிலைக்குத் "தபீயத்" என்ற சொல் போதும். அது வீட்டிலும் தெருவிலும் வழங்குகிறது.

வினைச்சொற்களிலேதான் மரியாதையின் நுட்பம் முழுவதும் அடங்கியிருக்கிறது. "ஆப்" என்பது நமது "நீங்கள்" என்பதற்கு ஒத்தது. அதை எழுதிவிட்டு "சிந்தா மத் கரோ" என்று முடித்தால், "நீங்கள் கவலைப்படாதே" என்பதுபோலப் பொருந்தாமற் போகும். "கரோ" என்பது "தும்" என்ற நெருக்கமான முன்னிலைக்கு உரியது. "சிந்தா ந கரேங்" என்பதே பணிவு. "மத்" என்பதிலே தடுக்கும் குரல் கேட்கும்; "ந" என்பதிலே வேண்டுகோள் கேட்கும். இன்னும் ஒன்றைக் கற்றேன். "ஆராம் கீஜியே" என்றால் ஓய்வெடுங்கள் என்பது. "ஆராம் கீஜியேகா" என்றால், இனி வரும் நாட்களிலும் உங்கள் வசதிப்படி ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள் என்ற இதம் அதிலே சேர்கிறது. இதற்கு நேரான ஒரு வடிவம் நம் மொழியிலே எனக்குத் தோன்றவில்லை.

"இப்பொழுது எப்படி இருக்கிறீர்கள்?" என்ற கேள்வியையும் நீக்கினோம். கேள்வி கேட்டால் விடை எழுதவேண்டிய சுமை நோயாளிக்கு வந்துவிடும். முன்னிலும் சுகமாயிருக்கும் என நம்புகிறேன் என்று ஊகமாகச் சொன்னால் அந்தச் சுமை இல்லை. கடவுள் பெயரையும் நாங்கள் எடுக்கவில்லை. எங்கள் பகுதியிலே பல சமயத்தவரும் இருந்தமையால், எல்லோர் சார்பிலும் அனுப்பும் செய்திக்கு "ஷுபகாமனா", நல்வாழ்த்து, என்ற சொல்லே பொருந்திற்று. தொடக்கத்திலே "பிரிய" என்பதை விட்டுப் பெயரோடு "ஜீ" சேர்த்தேன். இறுதியிலே "ஆப்கா", உங்களுடைய, என்பதை நீக்கி "ஸாதர்" என்று கையொப்பமிட்டேன்.

கடைசியில் நின்றது இவ்வளவே:

"ஜீ, நமஸ்தே. யஹ் ஜான்கர் பஹுத் அச்சா லகா கி ஆப்கா ஆபரேஷன் டீக் ஸே ஹோ கயா. ஆஷா ஹை அப் ஆப்கீ தபீயத் பஹலே ஸே பேஹ்தர் ஹோகீ. தஃப்தர் கே காம் கீ சிந்தா ந கரேங், ஹம் ஸப் மில்கர் ஸம்பால் லேங்கே. ஆப் பூரா ஆராம் கீஜியேகா. ஹம் ஸப்கீ ஷுபகாமனாயேங் ஆப்கே ஸாத் ஹைங். ஸாதர்."

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்ததை அறிந்து மிக மகிழ்ந்தோம், இப்பொழுது உடல் முன்னிலும் தேறியிருக்கும் என நம்புகிறோம், காரியாலய வேலையைப் பற்றிக் கவலை வேண்டாம், நாங்கள் எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம், நன்றாக ஓய்வெடுங்கள், எங்கள் அனைவரின் நல்வாழ்த்தும் உங்களோடு இருக்கிறது. நோயின் பெயரையோ உறுப்பின் பெயரையோ எங்கும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். "நல்லபடி முடிந்தது" என்பதையும் அவருடைய மகன் சொல்லக் கேட்ட பின்னரே எழுதினேன். அந்த உறுதி கிடையாதிருந்தால் முதல் வாக்கியமே இடம்பெற்றிராது.

அன்று மாலையே இரண்டு வார்த்தைகளில் நன்றி வந்தது. இரண்டு வாரம் கழித்து அம்மையார் மெல்ல நடந்து காரியாலயத்துக்கு வந்தார். கனமான கோப்புகளைத் தூக்கலாகாது என்று வைத்தியர் கட்டளை. அவற்றை நான் அடுக்கிவைத்தேன். தேநீர் வந்ததும் கைப்பையிலிருந்து கைத்தொலைபேசியை எடுத்து, என் செய்தியின் கடைசி வரியைக் காட்டினார். "ஹைங்" என்பதன் தலைமேல் இருக்கவேண்டிய புள்ளியைத் தட்டெழுதும்போது விட்டிருந்தேன். புள்ளி போனால் அது ஒருமை. வாழ்த்துகளோ பலவாகையாற் பன்மை வேண்டும்.

"எத்தனை பேருடைய வாழ்த்து என்று என் மகன் கேட்டான்" என்று சொல்லிச் சிரித்தவர், சிரித்ததிலே தையல் இழுக்கவே வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.