அட்டையைக் கேட்பதில்லை, படிவத்தைத்தான் கேட்கிறார்கள்

கல்லூரி முடித்து மூன்று வருடம் ஆன ஒருவர், பழைய அடையாள அட்டையில் வருடத்தை மாற்றி ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்துகொள்கிறார். ‘ஸ்டூடன்ட் கார்டு’ செய்து தருவதாக வரும் வாட்ஸாப் செய்திக்குப் பணம் அனுப்புகிறார் இன்னொருவர். ரயிலில் பாதிக் கட்டணம் கிடைக்கும் என்பது இருவரின் கணக்கும். கணக்கு தப்பு. ரயில்வே முன்பதிவு கவுன்ட்டரில் அந்த அட்டையை நீட்டினால் ஒரு ரூபாய்கூடக் குறையாது. அங்கே சலுகை தருவது அட்டை அல்ல. கல்வி நிறுவனத்தின் தலைவர் கையெழுத்திட்டு முத்திரை குத்திய சலுகைப் படிவம்தான்.

இந்தப் படிவம் கடையில் கிடைப்பதல்ல. அங்கீகாரம் பெற்ற பள்ளி, கல்லூரிகளுக்கு ரயில்வேயே கொடுப்பது. மாணவரின் பெயர், வயது, படிக்கும் வகுப்பு, எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையம் வரை என்பதையெல்லாம் அலுவலகத்தில் நிரப்புகிறார்கள். முதல்வர் கையெழுத்துப் போட்ட பிறகு மாணவர் அதைக் கவுன்ட்டரில் கொடுத்துவிட்டு டிக்கெட் வாங்குகிறார். படிவம் அங்கேயே தங்கிவிடுகிறது. சந்தேகம் வந்தால் கல்லூரியைக் கேட்டுச் சரிபார்த்துவிடலாம். போலி அட்டைக்காரர்களுக்கு இந்த வழி தெரிவதில்லை. அதைவிட வருத்தம், படிக்கும் பிள்ளைகளில் பலருக்கும் தெரிவதில்லை.

தெரியாததற்குக் காரணம் உண்டு. இந்தச் சலுகை செயலியில் தட்டினால் வராது. மாணவர் சலுகைக்கு ஐஆர்சிடிசி தளம் வேலைக்காகாது, கவுன்ட்டருக்கே போக வேண்டும். கொரோனா காலத்தில், 2020 மார்ச்சில், முதியோர் சலுகை உள்பட பெரும்பாலான ரயில் சலுகைகள் நின்றன. எல்லாமே போய்விட்டது என்று அப்போது ஊரில் ஒரு பேச்சு பரவியது, இன்னும் அடங்கவில்லை. மாற்றுத் திறனாளிகள், நோயாளிகள், மாணவர்கள் ஆகிய மூன்று தரப்புக்கான சலுகைகளை ரயில்வே விட்டுவைத்திருந்தது.

ஓர் உதாரணம். சென்னையில் படிக்கும் மாணவி, சொந்த ஊர் கோவில்பட்டி. விடுமுறைக்கு ஊருக்குப் போகிறாள். ஸ்லீப்பர் வகுப்பின் அடிப்படைக் கட்டணம் 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காகச் சொல்கிறேன், உண்மைக் கட்டணம் வண்டிக்கு வண்டி மாறும். பொதுப் பிரிவு மாணவி என்றால் 50 சதவீதம் கழிந்து 200 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினர் பிரிவு என்றால் 75 சதவீதம் கழிந்து 100 ரூபாய். ஆனால் அடிப்படைக் கட்டணத்தில் மட்டும்தான் கழிவு. முன்பதிவுக் கட்டணம் 20 ரூபாயும், வண்டி சூப்பர்ஃபாஸ்டாக இருந்தால் அதற்கான 30 ரூபாயும் அப்படியே சேரும். ஆக முழு டிக்கெட் 450 ரூபாய் என்றால், அவள் கொடுக்க வேண்டியது 250 அல்லது 150. ‘பாதி என்றார்களே, ஏன் அதிகம் வாங்குகிறார்கள்?’ என்று கவுன்ட்டரில் நடக்கும் சண்டைகளில் பாதி இந்த 50 ரூபாயால் வருவது.

எல்லை எங்கே என்பதையும் சொல்லிவிட வேண்டும். கழிவு இரண்டாம் வகுப்புக்கும் ஸ்லீப்பருக்கும்தான், ஏசி பெட்டிக்குக் கிடையாது. வித்தியாசத்தைக் கட்டி மேல் வகுப்புக்கு மாறிக்கொள்ளவும் விடமாட்டார்கள். தட்கலில் செல்லாது, அதனால் கடைசி நேரத்தில் ஓடினால் பயனில்லை. வயது வரம்பு பொதுவாக 25, பட்டியல் பிரிவினருக்கு 27, ஆராய்ச்சி மாணவர்களுக்கு 35. பயண நோக்கமும் முக்கியம். சொந்த ஊருக்குப் போவது, கல்விச் சுற்றுலா போன்றவைதான் இதில் வரும். அதே மாணவி தோழியின் கல்யாணத்துக்குத் தஞ்சாவூர் போவதற்குப் படிவம் கேட்டால், அலுவலகத்தில் முடியாது என்பார்கள், அது சரியும்கூட.

தினமும் ரயிலில் வந்து படிப்பவர்களுக்கு வேறு ஏற்பாடு, சீசன் டிக்கெட். மாணவர்களுக்கு அது பாதி விலை. அதிலும் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. வீட்டுக்கும் கல்விக்கூடத்துக்கும் இடையே இரண்டாம் வகுப்பு மாதச் சீசன், பட்டப்படிப்பு வரை பெண் பிள்ளைகளுக்கும் 12ஆம் வகுப்பு வரை பையன்களுக்கும் இலவசம். இதற்கும் பள்ளி, கல்லூரியின் சான்றுதான் திறவுகோல். பஸ்ஸிலும் அப்படியே. தமிழ்நாட்டில் பள்ளி மாணவர்களுக்கும் அரசுக் கல்லூரி மாணவர்களுக்கும் இலவச பஸ் பாஸ் கல்வி நிறுவனம் வழியாகவே வருகிறது. ஜூனில் பள்ளி திறந்து புது பாஸ் வரும்வரை, சீருடையையோ பழைய பாஸையோ காட்டினால் ஏற்றிக்கொள்ளும்படி அரசு வழக்கமாக அறிவிக்கிறது.

நினைவுச் சின்னங்களில் கதை வேறு. மாமல்லபுரம் போலத் தொல்லியல் துறை டிக்கெட் போடும் இடங்களில் 15 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. அதற்கு மேல் இந்தியருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு ஒரு விலை. மாணவர் விலை என்று தனி வரிசையே பலகையில் இல்லாதபோது, போலி அட்டையை அங்கே நீட்டி என்ன செய்வது?

வெளிநாட்டில் மட்டும் அட்டைக்கே மதிப்பு உண்டு. ‘ஐசிக்’ எனப்படும் பன்னாட்டு மாணவர் அட்டையைக் காட்டினால் பல நாடுகளில் அருங்காட்சியகம் முதல் தங்கும் விடுதி வரை விலை குறையும். அதனாலேயே பாங்காக்கின் காவோ சான் சாலையில் போலி ஐசிக் விற்பது உலகப் பிரசித்தம். ஆனால் அசல் அட்டைக்கு ஓர் எண் உண்டு, அதை இணையத்தில் சரிபார்க்கலாம். நுழைவுச்சீட்டு கொடுப்பவர் எண்ணைத் தட்டிப் பார்த்தாரோ, போச்சு. படித்து முடித்தவர்கள் பொய் சொல்லவும் தேவையில்லை. அதே அமைப்பு 30 வயது வரை உள்ளவர்களுக்கு, மாணவராக இல்லாவிட்டாலும், ஓர் இளைஞர் அட்டை தருகிறது. ஐரோப்பாவின் பல அருங்காட்சியகங்கள் பார்ப்பதும் வயதைத்தான், அதற்குப் பாஸ்போர்ட் போதும்.

மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? ரயிலில் உரிமையில்லாத சலுகை டிக்கெட்டோடு அகப்பட்டால் கட்டணமும் அபராதமும் கட்ட வேண்டும். ஏமாற்றும் எண்ணம் என்று முடிவானால் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 137ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. கல்லூரிப் பெயரிலும் முத்திரையிலும் போலி ஆவணம் செய்திருந்தால் வேறு சட்டம் வரும். ஏமாற்றுவதற்காக ஆவணம் புனைவதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 336ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை தண்டனை. 200 ரூபாய்க்காகப் போலீஸ் சரிபார்ப்பில் பெயர் கெட்டு, வேலையும் பாஸ்போர்ட்டும் தடுமாறுவது எந்தக் கணக்கிலும் சேராது.

‘எங்கள் கல்லூரி ஆபீஸில் அந்தப் படிவமே இல்லை என்கிறார்களே’ என்பது அடிக்கடி கேட்கும் குறை. பொய்யில்லை, பல இடங்களில் புத்தகம் தீர்ந்து வருடக்கணக்காகியிருக்கும். அங்கீகாரம் பெற்ற கல்லூரியாக இருந்தால் முதல்வர் தம் பகுதியின் ரயில்வே கோட்ட அலுவலகத்தில் வணிகப் பிரிவுக்கு எழுதிக் கேட்டுப் பெறலாம். மாணவர்கள் நாலு பேர் சேர்ந்து முதல்வரிடம் ஒரு மனு கொடுத்துவிடுவது நல்லது. ஆனால் விடுமுறைக்கு முந்தின வாரம் வேண்டாம். முன்பதிவு தொடங்குவதற்கு முன்பே படிவம் கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்லீப்பரில் இடமே மிஞ்சியிருக்காது.