56 சதவீத வெற்றி யாருடையது?

சதுரங்கம் ஆடுபவர்கள் இப்போது முதல் பத்து நகர்வுகளைப் புத்தகத்தில் தேடுவதில்லை. லீசெஸ் போன்ற தளத்தில் ‘ஓபனிங் எக்ஸ்ப்ளோரர்’ என்ற பகுதியைத் திறந்தால் போதும். பலகையில் இருக்கும் நிலையை அது அடையாளம் கண்டு, இதே நிலையிலிருந்து இதுவரை யார் யார் என்ன ஆடினார்கள் என்று வரிசையாகக் காட்டும். ஒவ்வொரு நகர்வுக்கும் எதிரே ஆட்டங்களின் எண்ணிக்கையும், வெள்ளை, சாம்பல், கறுப்பு எனப் பிரிந்த ஒரு பட்டையும் இருக்கும். வெள்ளைப் பகுதி வெள்ளைக்காய் வென்ற ஆட்டங்கள், சாம்பல் டிரா, கறுப்பு கறுப்புக்காய் வென்றவை.

பட்டையைப் பார்த்ததும் எழும் ஆசை எல்லோருக்கும் ஒன்றுதான். நமக்கு அதிக வெற்றி தந்திருக்கும் நகர்வைத் தேர்ந்தெடுத்துவிடலாம் என்று தோன்றும். அப்படித் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதைக் காட்ட ஸ்டாஃபோர்ட் கேம்பிட்டைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

ஒரு சிப்பாயை இழந்து வெல்லும் கறுப்பு

ஸ்டாஃபோர்ட் இப்படித் தொடங்குகிறது:

```
1. e4 e5  2. Nf3 Nf6  3. Nxe5 Nc6  4. Nxc6 dxc6
```

முதல் இரண்டு நகர்வுகள் வரை இது பெட்ராஃப் தற்காப்பு. மூன்றாவது நகர்வில் வெள்ளைக் குதிரை e5 சிப்பாயை வெட்டுகிறது. இங்கே கறுப்பு வழக்கமாக ஆடுவது 3...d6. குதிரையை விரட்டிவிட்டு, பிறகு e4 சிப்பாயை வெட்டிக் கணக்கைச் சமன் செய்துகொள்ளும் வழி அது. ஸ்டாஃபோர்ட் ஆடுபவரோ 3...Nc6 என்று தன் குதிரையை நீட்டுகிறார். குதிரைக்குக் குதிரை போகிறது. இழந்த சிப்பாய் திரும்பி வருவதில்லை. அதற்குப் பதிலாக ராணிக்கும் இரண்டு பிஷப்புகளுக்கும் வழி திறந்துவிடுகிறது.

அமெரிக்க இண்டர்நேஷனல் மாஸ்டர் எரிக் ரோசன் தன் இணைய ஒளிபரப்புகளில் இதைத் தொடர்ந்து ஆடிக் காட்டினார். அதன் பிறகு இணைய ஆட்டங்களில் இது பரவிவிட்டது. சாதாரண ஆட்டக்காரர்களின் ஆட்டங்கள் அடங்கிய பட்டியலில் 4...dxc6-க்குப் பிறகு வரும் பட்டையைப் பாருங்கள். ஒரு சிப்பாய் குறைவாக வைத்திருக்கும் கறுப்புதான் வெள்ளையைவிட அதிக ஆட்டங்களை வென்றிருக்கும். அதே நிலையைக் கணினி எஞ்சினிடம் கொடுத்தால், ஒரு சிப்பாயின் மதிப்பையும் தாண்டி வெள்ளைக்குச் சாதகம் என்று சொல்லும். மாஸ்டர்களின் ஆட்டங்கள் மட்டும் உள்ள பட்டியலுக்குப் போனால் இந்த நகர்வை ஆடியவர்களே மிகச் சிலர்.

மூன்றும் பொய் சொல்லவில்லை. அவை பதில் சொல்லும் கேள்விகள் வேறு வேறு.

சராசரிக்குள் என்ன இருக்கிறது?

கறுப்புக்கு அந்த வெற்றிகள் எங்கிருந்து வருகின்றன என்று பார்க்க, பட்டையை விட்டுவிட்டு ஒரு கிளை கீழே இறங்க வேண்டும். வெள்ளை ஐந்தாவது நகர்வாக d3 ஆடி e4 சிப்பாயைக் காக்கிறது. கறுப்பு 5...Bc5 என்று பிஷப்பை வெளியே கொண்டுவந்து f2 சிப்பாயைக் குறிவைக்கிறது. இப்போது வெள்ளைக்குக் கை தானாகப் போகும் இடம் 6.Bg5. f6-இல் நிற்கும் குதிரைக்குப் பின்னால் கறுப்பு ராணி இருப்பதால், குதிரையைக் கட்டிப்போட்டுவிட்டதாகத் தோன்றும். பிறகு நடப்பது இது:

```
6. Bg5 Nxe4  7. Bxd8 Bxf2+  8. Ke2 Bg4#
```

குதிரை கட்டை மதிக்காமல் e4-ஐ வெட்டுகிறது. வெள்ளை ஆசையோடு ராணியை எடுத்துக்கொள்கிறது. அடுத்த இரண்டு நகர்வுகளில் ராஜா மாட்டிக்கொள்கிறார். ராணியை எடுக்காமல் 7.dxe4 என்று குதிரையை வெட்டினாலும் 7...Bxf2+ வந்து வெள்ளை தன் ராணியை இழக்கும்.

ஆனால் ஆறாவது நகர்வில் 6.Be2 என்று பிஷப்பை ஒரே ஒரு கட்டம் நகர்த்தி, பிறகு c3, d4 என்று சிப்பாய்களைத் தள்ளி c5 பிஷப்பை விரட்டத் தெரிந்தவருக்கு எதிரே கறுப்பிடம் பெரிதாக எதுவும் மிஞ்சாது. ஒரு சிப்பாய் குறைவு என்பது மட்டும் அப்படியே இருக்கும்.

பட்டையில் தெரியும் சதவீதம் இந்த இரண்டு வகை எதிராளிகளையும் கலந்து எடுத்த சராசரி. இதைப் புரிந்துகொள்ள எண்களைக் கற்பனையாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை என்று புள்ளி கொடுத்தால், 100 ஆட்டங்களில் 60 பேர் கவனமில்லாமல் ஆடி, அவர்களுக்கு எதிரே கறுப்பு 65 சதவீதப் புள்ளிகள் பெறுகிறது. 30 பேர் சுமாராக ஆடுகிறார்கள். அங்கே 50 சதவீதம். 10 பேர் மட்டும் சரியான பதிலைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்; அவர்களிடம் கறுப்புக்கு 25 சதவீதம்தான். மொத்தமாகக் கூட்டினால் 39, 15, 2.5 சேர்ந்து 56.5 சதவீதம். பட்டை நன்றாகத்தான் தெரியும்.

இதே ஓபனிங்கை வலுவான ஆட்டக்காரர்களிடம் கொண்டுபோங்கள். அங்கே கவனமில்லாதவர் 10 பேர், சுமார் 30 பேர், தெரிந்தவர் 60 பேர். ஒவ்வொரு பதிலுக்கும் கிடைக்கும் சதவீதத்தை மாற்றவே வேண்டாம். கூட்டினால் 6.5, 15, 15 சேர்ந்து 36.5 வருகிறது. நகர்வு அதேதான், நிலையும் அதேதான். எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் விகிதம் மட்டும் மாறியது, இருபது புள்ளிகள் சரிந்துவிட்டன.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஸ்டாஃபோர்ட் யாருக்கும் தற்செயலாக அமைவதில்லை. அதை ஆடும் கறுப்பு பெரும்பாலும் பொறிகளை முன்பே படித்துக்கொண்டு வந்தவர். எதிரே இருக்கும் வெள்ளை அதை அன்றுதான் பார்க்கிறார். எனவே பட்டையில் நகர்வின் பலம் மட்டும் பதிவாகவில்லை, படித்து வந்தவருக்கும் படிக்காதவருக்கும் உள்ள இடைவெளியும் பதிவாகியிருக்கிறது. படிக்காமல் அந்த நகர்வை மட்டும் எடுத்து ஆடுபவருக்கு அந்தச் சதவீதம் சொந்தமில்லை.

ஆடியவர் யார்?

இணையத்தில் பெரும்பாலும் ஏறக்குறைய ஒரே ரேட்டிங் உள்ளவர்களைத்தான் இணை சேர்ப்பார்கள். நேரடிப் போட்டிகளின் பட்டியலில் அப்படியில்லை. ஓபன் போட்டிகளின் முதல் சுற்றுகளில் கிராண்ட்மாஸ்டர் ஒருவர் தன்னைவிட 300 புள்ளி குறைந்தவரோடு ஆடுவார். அவர் எதை ஆடினாலும் வெல்வார். அந்த வெற்றி நகர்வின் கணக்கில் ஏறிவிடும்.

இதைச் சரிபார்க்க எலோ சூத்திரம் உதவும்:

```
E = 1 / (1 + 10^(-D/400))
```

இதில் D என்பது இருவரின் ரேட்டிங் வித்தியாசம். E எதிர்பார்க்கும் புள்ளி. 100 புள்ளி அதிகம் உள்ளவர் சுமார் 64 சதவீதம் பெற வேண்டும் என்று இது சொல்கிறது. ஒரு நகர்வுக்கு வெள்ளை 58 சதவீதம் பெற்றிருப்பதாக வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதை ஆடிய வெள்ளைக்காரர்களின் சராசரி ரேட்டிங் எதிராளிகளைவிட 60 புள்ளி அதிகம் என்றால், ரேட்டிங்கை மட்டும் வைத்தே 58.5 சதவீதம் வந்திருக்க வேண்டும். முதலில் ஆடுவதால் வெள்ளைக்குப் பொதுவாகவே கிடைக்கும் சிறு சாதகத்தை இன்னும் சேர்க்கவே இல்லை. ஆக அந்த 58, எதிர்பார்த்ததற்கும் கீழே. செஸ்பேஸ் போன்ற மென்பொருள்கள் ஆடியவர்களின் சராசரி ரேட்டிங்கையும், முடிவுகளின்படி கணக்கிட்ட ‘பெர்ஃபார்மன்ஸ்’ ரேட்டிங்கையும் பக்கத்துப் பக்கத்தில் காட்டுவது இதற்காகத்தான். பெர்ஃபார்மன்ஸ் சராசரியைவிடத் தெளிவாக உயர்ந்திருந்தால் அந்த நகர்வை மதிக்கலாம். தாழ்ந்திருந்தால், சதவீதம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும்.

எத்தனை ஆட்டங்கள்?

கிளை கீழே இறங்க இறங்க ஆட்டங்களின் எண்ணிக்கை வேகமாகக் குறையும். எட்டாவது நகர்வில் ஆயிரக்கணக்கில் இருந்தது பன்னிரண்டாவதில் 25 ஆகிவிடலாம். அந்த 25 ஆட்டங்களில் ஒரு நகர்வு 64 சதவீதம் பெற்றிருந்தால் அதை எவ்வளவு நம்பலாம்? சதுரங்க முடிவுகளின் ஏற்ற இறக்கத்தை வைத்துத் தோராயமாகக் கணக்கிட்டால், பிழை இரு பக்கமும் சுமார் 16 புள்ளிகள். உண்மையான மதிப்பு 48-ஆகவும் இருக்கலாம், 80-ஆகவும் இருக்கலாம். அதாவது, நல்ல நகர்வா சாதாரண நகர்வா என்றே சொல்ல முடியாது. 400 ஆட்டங்கள் இருந்தால் பிழை சுமார் 4 புள்ளியாகச் சுருங்கும். பிழையைப் பாதியாக்க ஆட்டங்களை நான்கு மடங்காக்க வேண்டும்.

எண்ணிக்கை நிறைய இருந்தாலும் தேதியைப் பார்ப்பது நல்லது. பல ஆண்டுகள் நன்றாக ஓடிய ஒரு வழியை ஒரே ஒரு புதிய பதில் முடித்துவைக்கலாம். பழைய வெற்றிகள் பட்டியலை விட்டுப் போகாது. சதவீதம் உயர்ந்தே நிற்கும். வலுவான ஆட்டக்காரர்கள் கடைசிச் சில ஆண்டுகளில் அந்த வழியைக் கைவிட்டிருப்பார்கள். ஆண்டு வாரியாக வடிகட்டிப் பார்த்தால்தான் அது தெரியும்.

பிறகு எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில் நம் ரேட்டிங்குக்கும், நாம் ஆடும் நேர அளவுக்கும் பட்டியலை வடிகட்ட வேண்டும். மூன்று நிமிட ஆட்டத்தின் முடிவு ஒன்றரை மணி நேர ஆட்டத்துக்குப் பொருந்தாது. அடுத்து, பிடித்த நகர்வைப் பலகையில் வைத்துவிட்டு, எதிராளியின் பதில்களைப் பார்க்க வேண்டும். அங்கே பார்க்க வேண்டியது அதிகம் பேர் ஆடிய பதிலை மட்டுமல்ல. நமக்கு மிகக் குறைந்த புள்ளி தந்த பதிலையும், எஞ்சின் முதலாவதாகச் சொல்லும் பதிலையும். அந்தப் பதில் வந்தாலும் நமக்கு ஆடக்கூடிய நிலை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கடைசியாக, அந்தக் கிளையில் நம்மைவிட வலுவானவர்கள் ஆடிய இரண்டு மூன்று ஆட்டங்களை முழுவதும் ஓட்டிப் பார்க்க வேண்டும். வெற்றி ஓபனிங்கிலிருந்து வந்ததா, நாற்பதாவது நகர்வில் எதிராளி செய்த தவறிலிருந்து வந்ததா என்பதை எந்தப் பட்டையும் சொல்லாது.

இந்தக் கணக்கில் ஸ்டாஃபோர்டுக்கும் ஓர் இடம் உண்டு. 1400 ரேட்டிங்கில் மூன்று நிமிட ஆட்டம் ஆடுபவர், பொறிகளைப் படித்து வைத்திருந்தால், 3...Nc6 ஆடுவதில் தவறில்லை. அந்தச் சராசரி அவரைப் போன்றவர்களின் ஆட்டங்களிலிருந்தே வந்தது. ஆனால் போட்டி அரங்கில், எதிராளிக்கு யோசிக்க அரை மணி நேரம் இருக்கும்போது, 6.Be2-ஐ அவர் சொந்தமாகவே கண்டுபிடித்துவிடுவார். அங்கே 3...d6 ஆடுவதே நல்லது.