தோற்றவன் தூக்கிய சுமை
(இரண்டாமாண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

தைப்பூசம் நெருங்கிவிட்டால் பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலை பச்சை நிறம் பூண்டுவிடும். பச்சை வேட்டி கட்டி, காவடி ஏந்தி, செருப்பின்றி நடக்கும் கூட்டம் செய்துங்கநல்லூர், கருங்குளம், ஆழ்வார்திருநகரி, குரும்பூர் வழியாக ஏறக்குறைய 55 கிலோமீட்டர் கடந்து செந்திலாண்டவன் சந்நிதியை அடையும். "பேருந்து இருக்க, ஏன் இந்தப் பாடு?" என்று விடுதி நண்பர் ஒருவர் கேட்டார். அதற்கு விடை தேடியதே இக்கட்டுரை.

'காவுதல்' என்றால் தோளில் சுமத்தல். சங்க காலப் பாணர் தம் இசைக்கருவிகளைக் கட்டித் தூக்கிய தண்டிற்கும் 'கா' என்றே பெயர். ஆகவே காவடி முதலில் ஓர் அலங்காரப் பொருளன்று, சுமைகூலியின் கருவி.

அது வழிபாட்டுப் பொருளான கதை நம் பொதிகையோடு தொடர்புடையது. அகத்தியர் சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளைத் தம் இருப்பிடமாகிய பொதிகைக்குக் கொண்டுவர விரும்பினார். அப்பணியை ஏற்ற அசுரன் இடும்பன், பிரம தண்டத்தைத் தண்டாகவும் பாம்புகளை உறியாகவும் கொண்டு இரண்டையும் சுமந்து வந்தான். பழநியில் இளைப்பாற இறக்கி வைத்தவன் மீண்டும் தூக்க முயன்றான், முடியவில்லை. குன்றின் மேல் ஒரு சிறுவன் நின்றான். அவனோடு போரிட்டு மாண்டான். சிறுவன் முருகனே என்றறிந்து இடும்பன் மனைவியும் அகத்தியரும் வேண்ட, உயிர் பெற்றான். தன்னைப் போல் சுமந்து வருவோர்க்கு அருள வேண்டும் என்று வரம் கேட்டான். தாமிரபரணிக் கரைக்கு வந்திருக்க வேண்டிய குன்றுகள் பழநியிலேயே தங்கிவிட்டன! (நமக்கு நட்டந்தான்.)

காவடியின் வளைவு மலையையும், இருபுறச் செம்புகள் இரு குன்றுகளையும் குறிப்பன என்பர். அப்படியானால் காவடி எடுப்பவர் யாராகிறார்? வென்ற முருகனாக அல்ல, தோற்ற இடும்பனாகிறார். செந்தூரில் இது இன்னும் பொருந்தும். அங்கே தோற்ற சூரபதுமன் அழிக்கப்படவில்லை; மயிலும் சேவலுமானான். காவடியில் செருகும் மயிற்பீலியும் தோற்றவன் அடையாளமே. 'நான்' என்ற நிமிர்வைத் தானே விரும்பி விட்டுக்கொடுப்பதுதான் இத்தவம் என்று எனக்குப் படுகிறது. செருப்பைக் கழற்றுவதும் அதன் பகுதியே.

வெறுங்கால் நடை எளிதன்று. கறுத்த தார் வெயிலை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் அனுபவசாலிகள் விடியலிலும் இரவிலும் நடந்து நண்பகலில் மர நிழலில் கிடப்பர். வெயிலில் நடக்க நேர்ந்தால் சாலையோர வெள்ளைக் கோட்டின் மேல் நடப்பர். வெண்மை ஒளியைத் திருப்பி அனுப்புவதால் அங்கே சூடு குறைவு. ஆனால் கொப்புளத்திற்குச் சூடு மட்டும் காரணமன்று. தோல் மீண்டும் மீண்டும் உராய்ந்து உள்ளடுக்கு பிரிவதாலும் நீர் கட்டும். அதைக் கிழிக்கலாகாது, கிழித்தால் புண்ணாகும். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்க்கு முள் குத்தினாலும் தெரியாது. அவர்கள் வெறுங்காலுடன் நடப்பது ஆபத்து.

என் தந்தை நயினார்குளம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். எனக்கு ஐந்து வயதில் கடுங்காய்ச்சல் வந்தபோது நேர்ந்துகொண்டு ஆண்டுதோறும் காவடி எடுத்தார். இவ்வாண்டு முழங்கால் இடந்தரவில்லை. காவடி என் தோளுக்கு வந்தது. "தெனமும் தூக்குற சுமை போதாதாப்பா?" என்று கேட்டேன். "கூலிக்குச் சுமக்கது வேறல. இது பட்ட கடன்லா" என்றார்.

நெடுந்தொலைவு நடந்தால் பால் கெட்டுவிடும். எனவே திருச்செந்தூர் வந்து, கடலிலும் நாழிக்கிணற்றிலும் நீராடிய பிறகே செம்புகளை நிரப்பினோம். சில அடி நடப்பதற்குள் காவடி வலப்பக்கம் சாய்ந்தது. இடச் செம்பில் பால் சிந்தியிருந்தது. பிறகு கணக்கிட்டுப் பார்த்தேன். நடுவிலிருந்து இருபுறமும் 45 செ.மீ. தொலைவில் செம்புகள், வலப்புறம் 1 கிலோ, இடப்புறம் 0.8 கிலோ, சட்டம் 2 கிலோ எனக் கொண்டால், 0.2 × 45 ÷ 3.8, அதாவது ஏறத்தாழ 2.4 செ.மீ. அளவு ஈர்ப்பு மையம் வலப்புறம் நகர்ந்திருக்கும். தண்டை அவ்வளவு இடப்புறம் தள்ளினால் அந்த இடம் தோளுக்கு நேராக வரும்.

அப்போது எனக்கு இக்கணக்கு தோன்றவில்லை. பின்னால் நொண்டிக்கொண்டு வந்த தந்தைதான் கை நீட்டித் தண்டை இரண்டு விரற்கடை இடப்புறம் தள்ளினார். காவடி நேராக நின்றது.