பாடசாலை முன்றலில் ஒரு சிறு விபத்து: செய்தி அறிக்கை எழுதுவது எப்படி?

'உமது பாடசாலைக்கு அருகில் நடந்த சிறு வீதி விபத்தொன்றைப் பற்றிப் பத்திரிகைக்குத் தலைப்புடன் ஒரு செய்தி அறிக்கை எழுதுக.' தமிழ்ப் பாட வினாத்தாள்களில் இப்படியான வினாவைப் பிள்ளைகள் அடிக்கடி சந்திக்கிறார்கள். வினா இலகு என்று நம்பித் தொடங்குகிறவர்கள்தான் அதிகம் புள்ளி இழக்கிறார்கள். பெரும்பாலான விடைகளில் இரத்தம் ஆறாக ஓடுகிறது, ஊரே கதறுகிறது, சாரதி மதுபோதையில் இருக்கிறார், முடிவில் 'வேகம் விவேகமல்ல' என்று ஒரு புத்திமதியும் வருகிறது. வினாவில் இருந்த 'சிறு' என்ற சொல் முதல் வரியிலேயே தொலைந்துவிடுகிறது.

எழுவைதீவில் இருந்து எழுதும் ஒரு மாணவியை நினைத்துப் பார்ப்போம். ஊர்காவற்றுறை இறங்குதுறையில் படகேறிப் போய்ச் சேரவேண்டிய சின்னத் தீவு அது. அங்கே நடக்கும் விபத்தில் சொகுசுப் பேருந்துக்கும் சமிக்ஞை விளக்குக்கும் வேலையில்லை. மனப்பாடம் செய்த கொழும்பு விபத்தை அப்படியே இறக்கிவைத்தால், திருத்துகிறவர் இரண்டாம் வசனத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். ஓடுவது சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் உழவு இயந்திரமும்தான். காயப்பட்டவரை அக்கரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் படகு வேண்டும். இந்த இரண்டையும் சரியாகச் சொல்லிவிட்டாலே அறிக்கை அந்த ஊருடையதாகிவிடும்.

பயிற்சிக்காக ஒரு சம்பவத்தை அமைத்துக்கொள்வோம். இது உண்மையில் நடந்ததல்ல. புதன்கிழமை பாடசாலை 1.30 மணிக்கு விடுகிறது. ஐந்து நிமிடம் கழித்து ஒரு மாணவன் சைக்கிளில் வாயிலை விட்டு வீதிக்கு ஏறுகிறான். இறங்குதுறைப் பக்கமிருந்து மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளொன்று வருகிறது. இரண்டும் மோதி, இருவரும் விழுகிறார்கள். மாணவனுக்கு முழங்கையிலும் முழங்காலிலும் சிராய்ப்பு. மோட்டார் சைக்கிளில் வந்தவருக்கு உள்ளங்கையில் கீறல். சைக்கிளின் முன்சில்லு வளைந்துவிட்டது. தீவிலேயே முதலுதவி செய்து, மாணவனைப் படகில் ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே பரிசோதித்து, எலும்பு முறிவு இல்லை என்று மாலையில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

இவ்வளவும் நிச்சயமாகத் தெரிந்தவை. தெரியாததும் ஒன்று உண்டு. வாயிலுக்கு எதிரே நின்ற ஒருவர், 'மோட்டார் சைக்கிள் வேகமாக வந்தது' என்கிறார். மோட்டார் சைக்கிள்காரர், 'பிள்ளை பாராமல் திடீரென்று வீதிக்கு ஏறினது' என்கிறார். வினாவின் உண்மையான சோதனை இங்கேதான். யார் பிழை என்று தீர்ப்பது பொலிஸாரின் விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் உரிய வேலை. ஆகவே 'வேகமாக வந்த மோட்டார் சைக்கிள் மாணவனை மோதியது' என்று எழுதினால் நிருபர் ஒரு பக்கத்துக்குத் தீர்ப்பு வழங்கியவராகிறார். 'துவிச்சக்கர வண்டியும் மோட்டார் சைக்கிளும் மோதிக்கொண்டன' என்று எழுதினால், இரு தரப்பும் மறுக்க முடியாத ஒன்றை மட்டும் சொன்னவராகிறார். வேகம் பற்றிய பேச்சு வரவேண்டுமானால் சொன்னவரோடு சேர்ந்தே வரவேண்டும். ஒருவர் சொன்னதைப் போட்டால் மற்றவர் சொன்னதையும் போடவேண்டும்.

இனி முதல் பந்தி. கட்டுரைக்குப் பழகிய கை, 'எழில் கொஞ்சும் எமது தீவில் பாடசாலையொன்று அமைந்துள்ளது' என்றுதான் தொடங்கும். பத்திரிகைச் செய்தி முடிவைத்தான் முதலில் சொல்லும். என்ன நடந்தது, யாருக்கு, எங்கே, எப்போது என்ற நான்கும் முதல் வசனத்திலோ அடுத்ததிலோ வந்துவிடவேண்டும். எப்படி நடந்தது என்பது இரண்டாம் பந்திக்குரியது. ஏன் என்பது பெரும்பாலும் விசாரணை முடியுமட்டும் காத்திருக்கவேண்டியது. இந்த ஒழுங்குக்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு: பக்கத்தில் இடம் போதாவிட்டால் துணை ஆசிரியர் செய்தியைக் கடைசியிலிருந்துதான் வெட்டுவார். முதல் பந்தி மட்டும் மிஞ்சினாலும் செய்தி செய்தியாக நிற்கவேண்டும்.

அப்படி எழுதப்பட்ட ஒரு மாதிரி விடை இது:

எழுவைதீவில் பாடசாலை முன்பாக விபத்து. மாணவன் உட்பட இருவருக்குச் சிறு காயம்

(எழுவைதீவு நிருபர்)

எழுவைதீவில் பாடசாலையொன்றின் முன்பாக நேற்று புதன்கிழமை பிற்பகல் 1.35 மணியளவில் துவிச்சக்கர வண்டியும் மோட்டார் சைக்கிளும் மோதிக்கொண்டதில் மாணவன் ஒருவனும் மோட்டார் சைக்கிளைச் செலுத்தியவரும் சிறு காயங்களுக்குள்ளாகினர்.

பாடசாலை முடிந்து மாணவன் துவிச்சக்கர வண்டியில் வாயிலிலிருந்து வீதிக்கு ஏறியபோது, இறங்குதுறைப் பக்கமிருந்து வந்த மோட்டார் சைக்கிளுடன் இந்த விபத்து ஏற்பட்டுள்ளது. மாணவனின் கையிலும் காலிலும் சிராய்ப்புக் காயங்கள் ஏற்பட்டுள்ளன. துவிச்சக்கர வண்டியும் சேதமடைந்துள்ளது.

அங்கு நின்ற ஆசிரியர்களும் பெற்றோரும் இருவருக்கும் உடனடியாக முதலுதவி பெற்றுக் கொடுத்தனர். பின்னர் மாணவன் படகு மூலம் ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டார். எலும்பு முறிவு எதுவும் இல்லை எனப் பரிசோதனையில் தெரியவந்ததை அடுத்து அவர் மாலையில் வீடு திரும்பியதாக வைத்தியசாலைத் தரப்பில் தெரிவிக்கப்பட்டது.

மோட்டார் சைக்கிள் வேகமாக வந்ததாகச் சம்பவத்தைக் கண்ட ஒருவர் கூறினார். எனினும் மாணவன் எதிர்பாராத விதமாக வீதிக்கு ஏறியதாலேயே விபத்து நேர்ந்ததாக மோட்டார் சைக்கிளைச் செலுத்தியவர் தெரிவித்தார்.

பாடசாலை விடும் நேரத்தில் வாயிலருகே ஆசிரியர் ஒருவரை நிறுத்த நடவடிக்கை எடுக்கப்படும் என அதிபர் தெரிவித்தார். சம்பவம் தொடர்பில் ஊர்காவற்றுறைப் பொலிஸார் மேலதிக விசாரணைகளை மேற்கொண்டு வருகின்றனர்.

விடை இவ்வளவுதான். பந்திகளைக் கீழிருந்து ஒவ்வொன்றாக மறைத்துப் பாருங்கள். எங்கே நிறுத்தினாலும் செய்தி உடையாது. ஆனால் நான்காம் பந்தியைப் பாதியில் வெட்டக்கூடாது. முதல் வசனம் மட்டும் மிஞ்சினால் ஒருவர் மீதான குற்றச்சாட்டு பதிலில்லாமல் அச்சேறிவிடும்.

தலைப்பை நல்ல நிருபர்கள் கடைசியில்தான் எழுதுவார்கள். அறிக்கையில் இல்லாத எதுவும் தலைப்பில் வரக்கூடாது என்பதே காரணம். 'எழுவைதீவில் கோர விபத்து. மாணவன் படுகாயம்' என்ற தலைப்பு கண்ணை இழுக்கும், ஆனால் சிராய்ப்பைப் படுகாயம் என்பது பொய். 'மோட்டார் சைக்கிள் மோதி மாணவன் காயம்' என்பது பார்வைக்குச் சாதுவானது. அதுவும் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. காயப்பட்ட இரண்டாமவரையும் அது மறைத்துவிடுகிறது.

'சிறு காயம்' என்ற சொல்லையும் நினைத்தபடி போடமுடியாது. இலங்கைப் பொலிஸார் வீதி விபத்துகளை உயிரிழப்பு, கடுங்காயம், சிறு காயம், சேதம் மட்டும் என்று நான்கு வகையாகப் பதிவுசெய்கிறார்கள். தண்டனைச் சட்டக் கோவையின் 311 ஆம் பிரிவின்படி எலும்போ பல்லோ முறிந்தாலே அது கடுங்காயம். விடைத்தாள்களில் நான் திரும்பத் திரும்பக் காணும் பிழை இதுதான்: தலைப்பில் 'சிறு விபத்து', மூன்றாம் பந்தியில் 'மாணவனின் கால் முறிந்தது'. இரண்டும் ஒரே செய்தியில் இருக்கமுடியாது. மாதிரி விடையில் வைத்தியசாலைப் பரிசோதனை வருவது வெறும் அலங்காரத்துக்கல்ல. தலைப்பில் 'சிறு' என்று போடும் உரிமையை அந்த வசனம்தான் தருகிறது. மாணவன் இன்னும் படகில் இருக்கும்போதே செய்தி அனுப்பவேண்டி வந்தால், 'இருவர் காயம்' என்று மட்டும் போட்டுவிட்டு நிறுத்தவேண்டும்.

மாதிரி விடையில் மாணவனின் பெயரோ வயதோ வகுப்போ இல்லை. பாடசாலையின் பெயரும் இல்லை. 'விபரம் போதாது' என்று சிலர் இதற்குப் புள்ளி குறைக்கலாம். நான் இதற்கு முழுப் புள்ளி கொடுப்பேன். காயப்பட்டவர் சிறுவர் என்றால் அவரை அடையாளம் காட்டாமல் எழுதுவதுதான் பொறுப்பான பத்திரிகை வழக்கம். பெரிய நகரத்தில் பெயரை மட்டும் விட்டால் போதும். '13 வயது மாணவன்' என்பது ஆயிரம் பேரில் ஒருவனைக் குறிக்கும். எழுவைதீவு போன்ற இடத்தில் வகுப்பைச் சொன்னாலே பிள்ளை யாரென்று தெரிந்துவிடும். தகப்பனின் தொழிலையும் சேர்த்தால் வீட்டு வாசலையே காட்டியதாகிவிடும். ஊரவர்களுக்கு எப்படியும் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் ஊர்ப் பேச்சு ஒரு வாரத்தில் அடங்கிவிடும், அச்சில் வந்தது அந்தப் பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போகும் நாளிலும் இருக்கும். மோட்டார் சைக்கிள்காரரின் பெயரை விட்டதற்கும் இதுவே நியாயம்: அவர் மீது எந்தக் குற்றமும் சுமத்தப்படவில்லை.

மொழியிலும் ஓரிரண்டு இடங்களைப் பார்க்கவேண்டும். 'நான் கண்டேன்', 'எமது பாடசாலை' என்று எழுதினால் அது கடிதமாகிவிடும். நிருபர் செய்திக்குள் தலைகாட்டுவதில்லை. 'நேற்று' என்ற சொல் பத்திரிகை வாசகர் கைக்குப் போகும் நாளை வைத்து வருவது. புதன் நடந்ததை வியாழன் பத்திரிகை 'நேற்று புதன்கிழமை' என்று சொல்லும். கிழமையைச் சேர்ப்பதால் குழப்பம் இல்லை. ஒரு பந்தியில் 'ஏற்பட்டுள்ளது', அடுத்ததில் 'கூறினார்' என்று வினைகள் மாறுவதும் காரணமில்லாமல் அல்ல: நிருபர் நேரில் காணாமல் விசாரித்து அறிந்தது முன்னது, ஒருவர் வாயால் கேட்டது பின்னது.

புத்திமதி எங்கே என்று கேட்கலாம். வாயிலில் ஆசிரியரை நிறுத்தப்போவதாக அதிபர் சொன்னாரே, அதற்குமேல் நிருபர் சொல்ல எதுவும் இல்லை. வீதி ஒழுக்கம் பற்றிப் பேச விரும்பும் பிள்ளை அடுத்த நாள் ஆசிரியருக்குக் கடிதம் எழுதலாம். அது வேறு வினா, அதற்கு வேறு புள்ளி.

இந்த வினாவைப் படிப்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மாதிரி விடையைக் கரும்பலகையில் எழுதி மனப்பாடம் செய்யக் கொடுக்காதீர்கள். வகுப்பில் இரண்டு பிள்ளைகளைச் சாட்சிகளாக நிறுத்தி, ஒன்றுக்கொன்று முரணாகப் பேசவிடுங்கள். மற்றவர்கள் கேள்வி கேட்டுக் குறிப்பெடுக்கட்டும். பிறகு ஒவ்வொரு விடைத்தாளிலும், வசனம் வசனமாக, 'இதை உனக்கு யார் சொன்னது?' என்று கேளுங்கள். பதில் இல்லாத வசனத்தை அந்தப் பிள்ளையே வெட்டட்டும்.