‘ஆன்மாக்களை’ எங்கே போயிற்று?

திரெந்து பொதுச்சங்கம் முடிந்த மறு ஆண்டு, 1564-ல், திருத்தந்தை நான்காம் பயஸ் லத்தீனில் ஒரு விசுவாச அறிக்கையை வெளியிட்டார். உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றிய அதன் வரியைத் தமிழில் தர உட்காரும் எவரும் முதலில் இடறும் சொல் ‘அனிமாஸ்’.

‘அனிமா’ என்றால் ஆன்மா. ‘அனிமாஸ்’ பன்மை, அதுவும் இரண்டாம் வேற்றுமை. அகராதியும் இலக்கணமும் சொல்லும் நேர்ப்பொருள் ‘ஆன்மாக்களை’. வரியின் தலைமை வினை ‘தெனெயோ’, அதாவது ‘உறுதியாகக் கொள்கிறேன்’. இரண்டையும் அப்படியே ஒட்டினால் ‘ஆன்மாக்களை உறுதியாகக் கொள்கிறேன்’ என்று வரும். ஆனால் அந்த மனிதர் கொள்வது ஆன்மாக்களை அல்ல, ஆன்மாக்களைப் பற்றிய ஒரு கூற்றை.

அந்தக் கூற்றின் வினை ‘யுவாரி’. ‘உதவப்பெறுதல்’ என்ற பொருள் தரும் வினையெச்ச வடிவம் அது. காலம் காட்டும், ஆனால் யார் என்று காட்டும் விகுதி அதில் இல்லை. ஒருவர் சொன்னதை, நம்புவதை எடுத்துரைக்கும்போது லத்தீன் இப்படித்தான் செய்யும்: எழுவாயை இரண்டாம் வேற்றுமைக்கும், வினையை எச்சத்துக்கும் மாற்றிவிடும். ‘என்று’ போன்ற இணைப்புச்சொல் அதற்குத் தேவையில்லை. அந்த உருபுமாற்றமே ‘என்று’வின் வேலையைச் செய்கிறது.

ஆகவே முதலில் வாக்கியத்தைப் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். ‘அனிமாஸ் யுவாரி’ என்பதன் நேர்க்கூற்று ‘அனிமே யுவாந்துர்’: ஆன்மாக்கள் உதவி பெறுகின்றன. அதைத் தமிழாக்கி, ‘என்று’ சேர்த்தால் போதும். ‘ஐ’ தானாகவே மறைந்துவிடும்.

அதே வரியின் முதல் பாதி இன்னும் ஏமாற்றும். ‘புர்காத்தோரியும்’ என்ற அஃறிணைப் பெயருக்கு முதல் வேற்றுமையும் இரண்டாம் வேற்றுமையும் ஒரே வடிவம். அருகிலுள்ள ‘எஸ்ஸெ’ என்ற எச்சத்தைப் பார்த்துத்தான் இதுவும் எடுத்துரைத்த கூற்று என்று அறியலாம். இங்கே ‘எஸ்ஸெ’ இருப்பைச் சொல்கிறது. தமிழில் அதற்கு ‘உண்டு’ என்ற ஒரு சொல் தயாராக இருக்கிறது. இரண்டு கூற்றுகளையும் ‘அனிமாஸ்’ஸின் வாலில் ஒட்டிய ‘க்வே’ இணைக்கிறது. நம் ‘உம்’மைப் போலவே அதுவும் சொல்லின் முடிவில்தான் ஒட்டும்.

எனவே தமிழில் வரி இப்படி அமையும்: உத்தரிக்கிற ஸ்தலம் உண்டு என்றும், அங்கே தடுத்து வைக்கப்பட்டிருக்கும் ஆன்மாக்கள் விசுவாசிகளின் மன்றாட்டுகளால் உதவி பெறுகின்றன என்றும் உறுதியாகக் கொள்கிறேன்.

‘உதவி பெறுவதாக’ என்றும் எழுதலாமே? இலக்கணப் பிழை இல்லை. ஆனால் ‘அவர் வருவதாகச் சொன்னார்’ என்னும்போது சொல்பவர் அந்தச் செய்திக்குப் பொறுப்பேற்காமல் சற்றே விலகி நிற்கும் தொனி அதில் எட்டிப்பார்க்கும். விசுவாசத்தை அறிக்கையிடும் வாய்க்கு அந்த விலகல் ஒட்டாது. ‘உண்டு என்று’தான் ஒட்டும்.